கெஞ்சலாக வேண்டாம், கணக்காக எழுதுவோம்



எங்கள் தோட்டக் கமிட்டி போன வருடம் துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன், ஆகவே குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. "சாமான் விலையெல்லாம் விஷம்போல ஏறிவிட்டது, பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை, நிர்வாகம் எங்கள் கஷ்டத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் கூட்டித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினோம். தலைவர், மாதர் சங்கத் தலைவி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். இரண்டு கிழமையில் பதில் வந்தது. கஷ்டத்தை உணர்வதாகவும், தேயிலைத் தொழிலும் கஷ்டத்தில் இருப்பதாகவும், நேரம் வரும்போது பார்ப்பதாகவும் இருந்தது. கஷ்டத்துக்குக் கஷ்டம் சரியாகப் போய்விட்டது.

அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் துரை கொழும்புக்கு அனுப்பிக் காட்டக்கூடிய ஒரு இலக்கமும் அதில் இல்லை. எவ்வளவு ஏறியது, எந்த நாளிலிருந்து ஏறியது, எத்தனை ரூபா கேட்கிறோம் என்று சொல்லாத கடிதத்துக்கு இப்படித்தான் பதில் வரும். இந்த முறை கணக்கோடு எழுதியிருக்கிறோம். அந்தக் கணக்கை எப்படிப் போட்டோம், எங்கே வழுக்கினோம் என்பதை மற்றத் தோட்டங்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கிருந்து எண்ணுவது என்று பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, அடிப்படை 900, வரவு செலவுத் திட்டப்படி 100. அது அப்படியே மூன்றரை வருடம் நின்றது. 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. இடையில்தான் 2022 வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. கோதுமை மாவுக்கு வரிசையில் நின்றோம். அந்தக் காலம் முழுக்க எங்கள் பேர் ஆயிரம்தான்.

விலை எவ்வளவு ஏறியது என்பதை நாங்கள் சொன்னால் "உங்கள் கதை" என்பார்கள். அரசாங்கம் சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதா மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. அதை வைத்து வருட சராசரிப் பணவீக்கம் 2022இல் 46.4 வீதம், 2023இல் 17.4 வீதம், 2024இல் 1.2 வீதம் என்று மத்திய வங்கியே சொல்கிறது. இந்த மூன்று இலக்கமும் போதும்.

முதல் வழுக்கல் இங்கேதான் நடந்தது. எங்கள் கமிட்டிச் செயலாளர் தம்பி மூன்றையும் கூட்டி 65 வீதம் என்றார். ஆயிரத்துக்கு 650 ஏற்றி 1,650 கேட்போம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஏ.எல். படிக்கும் ஒரு பிள்ளைதான் "மாமா, இதைக் கூட்டக் கூடாது" என்றது. அந்தப் பிள்ளை சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். 2021இல் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 2022இல் 146 ரூபா 40 சதம். 2023இல் ஏறிய 17.4 வீதம் பழைய நூறின் மேல் ஏறவில்லை, இந்த 146.40இன் மேல் ஏறியது. அது 25 ரூபா 47 சதம், ஆக 171.87. அதன் மேல் 1.2 வீதம் ஏறி 2024இல் 173 ரூபா 93 சதம். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல விலைக்கு மேல் விலை ஏறுகிறது. ஆகவே 2021இன் 1,000 ரூபாவுக்கு 2024இல் 1,739 ரூபா வேண்டும். கூட்டிக் கேட்டிருந்தால் நாளுக்கு 89 ரூபாவை நாங்களே விட்டுக்கொடுத்திருப்போம்.

இதையே திருப்பிப் போட்டால்தான் மனதில் தைக்கிறது. 2024 செப்டெம்பரிலிருந்து கையில் வந்த 1,350ஐ 1.739ஆல் பிரித்தால் 776. அதாவது 2024இன் 1,350 ரூபா, 2021இல் 776 ரூபா வாங்கியதைத்தான் வாங்கியது. 2023இல் இன்னும் மோசம், அந்த வருடம் எங்கள் ஆயிரம் ரூபா பழைய 582 ரூபாவுக்குச் சமம். சம்பளச் சிட்டையில் ஒரு சதமும் குறையவில்லை. கடையில்தான் குறைந்தது. மெய்ச் சம்பளம் என்று கூட்டங்களில் பேசுவது இதைத்தான்.

இன்னொரு வழுக்கலையும் சொல்லிவிடுகிறேன். சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2023 தொடக்கத்தில் 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டது. பழைய தாளில் உள்ள சுட்டெண்ணையும் புதிய தாளில் உள்ள சுட்டெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலை இறங்கியதுபோலத் தெரியும். அது இரண்டு வேறு அளவுகோல். வருடாந்த வீதங்களை வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் குழியில் விழமாட்டோம்.

சுட்டெண் கொழும்புடையது. அங்கே ஒரு குடும்பத்தின் செலவில் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ கால்பங்குதான் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. லயத்தில் இருப்பவர்களுக்கு அது பொருந்துமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதனால் கடிதத்தோடு இன்னொரு தாளையும் இணைத்தோம், அது எங்கள் அம்மாவின் கடைக் கொப்பியிலிருந்து வந்தது. அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் கடைக்கணக்கை ஒரு நாளும் விட்டதில்லை. 2021 மார்ச்சில் ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்கு மா 20 கிலோ 98 ரூபாப்படி, அரிசி 20 கிலோ 105 ரூபாப்படி, சீனி 5 கிலோ 115 ரூபாப்படி, பருப்பு 4 கிலோ 185 ரூபாப்படி, தேங்காய் 25, ஒன்று 75 ரூபா. மொத்தம் 7,250 ரூபா. அதே சாமான், அதே அளவு, 2024 டிசெம்பரில் மா 195, அரிசி 230, சீனி 250, பருப்பு 300, தேங்காய் 180. மொத்தம் 15,450 ரூபா.

அன்று ஏழேகால் பேர் போட்டால் இந்தச் சாமான் வீட்டுக்கு வந்தது. 2024 டிசெம்பரில் பதினொன்றரைப் பேர் போட வேண்டியிருந்தது. உண்மையில் அம்மா இன்று 25 தேங்காய் வாங்குவதில்லை, பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். கொப்பியில் மொத்தத் தொகை மட்டும் பார்த்தால் விலை அவ்வளவு ஏறவில்லை என்று தோன்றும். வாங்கும் அளவைக் குறைத்துத்தான் சமாளித்திருக்கிறோம். ஆகவே கொப்பியை ஆதாரமாக வைப்பவர்கள் இரண்டு காலத்துக்கும் ஒரே அளவைப் போட்டுக் கணக்கெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் பட்டினி கிடந்தது கம்பனிக்குச் சாதகமான கணக்காகிவிடும்.

இந்தக் கொப்பிக் கணக்கை வைத்து இரண்டு மடங்குக்கு மேல் கேட்போம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வீட்டுக் கொப்பியை "அது உங்கள் வீட்டுக் கணக்கு" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். கேட்கும் தொகை அரசாங்கச் சுட்டெண்ணில் நிற்கட்டும். அந்தச் சுட்டெண்கூட எங்கள் நிலையைக் குறைத்தே காட்டுகிறது என்பதற்குச் சாட்சியாகக் கொப்பி பக்கத்தில் இருக்கட்டும். அதேபோல 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம் என்று வந்ததே, அதைப் போடவில்லையா என்றும் கேட்டார்கள். அது ஒரு மாத உச்சம். உச்ச மாதத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினால், அவர்கள் அடி மாதத்தைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார்கள்.

அடி மாதமும் கைவசம் இருக்கிறது. 2024 செப்டெம்பரிலிருந்து பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது. 2025 பெப்ரவரியில் மறை 4.2 வீதம். "விலை குறைகிறதே, பிறகு ஏன் சம்பளம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். பணவீக்கம் 46இலிருந்து 1க்கு வந்தபோது விலை இறங்கவில்லை, ஏறுவதுதான் நின்றது. மலை உச்சிக்கு ஏறிய லொறி அங்கேயே நிற்பதுபோல. பிறகு கொஞ்சம் பின்னுக்கு உருண்டது உண்மை, அதில் பெரும்பங்கு மின்கட்டணம் குறைந்ததால் வந்தது. லயத்தில் இரண்டு பல்பு எரிக்கும் வீட்டுக்கு அதில் மிஞ்சியது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாக்குவாதம் வேண்டாம். 1,739இல் அந்த 4.2 வீதத்தை முழுதாகக் கழித்துக்கொள்ளட்டும். 1,666 வரும். அப்போதும் 1,350 ரூபாச் சம்பளம் 316 ரூபா குறைவு.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கேள்வி ஒன்று இருக்கிறது. எங்களைத் திணற வைத்ததும் அதுதான். கம்பனி 2019இலிருந்து எண்ணினால்? 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700. 2019இலிருந்து 2024 வரை விலை ஏறத்தாழ 93 வீதம் ஏறியிருக்கிறது. 700இன் மேல் 93 வீதம் ஏற்றினால் 1,351. 2024இல் தந்தது 1,350! "விலைவாசிக்குச் சரியாகக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லலாம், கணக்கில் பிழை காண முடியாது.

பிழை கணக்கில் இல்லை, தொடங்கும் இடத்தில் இருக்கிறது. 2019இல் கையில் வந்தது 700 அல்ல, விலைப்பங்குக் கொடுப்பனவு 50ஐயும் சேர்த்து 750. அதற்கே 1,447க்கு மேல் வர வேண்டும். அதைவிட முக்கியம், அந்த 700ஐ அன்று நாங்கள் போதும் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயிரம் ரூபா கேட்டு ரோட்டில் நின்ற வருடம் அது. இரண்டு வருடம் கழித்துச் சட்டப்படி அமைந்த சபை அந்த ஆயிரத்தை நியாயமான ஆகக்குறைந்த சம்பளம் என்று தீர்மானித்தது. 2019க்குத் திரும்பிப் போய் எண்ணுவது, அந்தத் தீர்ப்பையே இல்லையென்று சொல்வது. இதை எங்கள் கடிதத்தில் நாங்களே எழுதிவிட்டோம். அவர்கள் சொல்லி நாங்கள் பதில் தேடுவதைவிட, நாங்கள் சொல்லி அவர்கள் பதில் தேடுவது நல்லது.

கிலோ விஷயத்தை மறந்தால் எல்லாம் வீண். எங்கள் தோட்டத்தில் 2021 தொடக்கத்தில் 16 கிலோ எடுத்தால் முழுப்பேர். இப்போது 20 கிலோ, குறைந்தால் அரைப்பேர். அன்று ஒரு கிலோவுக்கு 62 ரூபா 50 சதம். 1,350 ஆனபின் 67 ரூபா 50 சதம், 2021 விலைப்படி பார்த்தால் 38 ரூபா 80 சதம். ஒரு கிலோ கொழுந்துக்குக் கிடைக்கும் உண்மையான கூலியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 1,740 கொடுத்துவிட்டு 24 கிலோ கேட்டால் நாம் கேட்டது எங்கே போகும்? ஆகவே கடிதத்தில் சம்பளத்தோடு கிலோவும் இருக்க வேண்டும்.

கடிதத்தின் முக்கிய பகுதியை அப்படியே தருகிறேன். பெயர், இலக்கங்களை உங்கள் தோட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"முகாமையாளர் அவர்கட்கு. நாட்சம்பளத்தை மீளமைக்கக் கோரல்.

2021 மார்ச்சில் எமது நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் 2024 வரை, மத்திய வங்கி வெளியிட்ட வருடச் சராசரிப் பணவீக்கத்தின்படி விலைகள் 73.9 வீதம் உயர்ந்துள்ளன. அதே வாங்கும் பெறுமதிக்கு 2024இல் 1,739 ரூபா தேவை. 2024 செப்டெம்பரிலிருந்து வழங்கப்பட்டது 1,350 ரூபா. இது 2021 விலையில் 776 ரூபாவாகும்.

நாட்சம்பளத்தை 1,740 ரூபாவாக, அதாவது 1,350 ரூபாவில் ஏறத்தாழ 29 வீதத்தால், உயர்த்துமாறு கோருகிறோம். இது 2021இல் நிர்ணயிக்கப்பட்ட சம்பளத்தை அதன் பெறுமதியில் மீளத் தருமாறு கேட்பதே. முழுப்பேருக்கான கொழுந்தின் அளவு இன்றைய 20 கிலோவுக்கு மேல் உயர்த்தப்படக் கூடாது எனவும், அதனை 18 கிலோவாகக் குறைப்பது பற்றிப் பேசவேண்டும் எனவும் கோருகிறோம். 2022 முதல் 2024 செப்டெம்பர் வரை நாம் இழந்த பெறுமதியை இக்கோரிக்கையில் சேர்க்கவில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

சம்பள நிர்ணய சபை தீர்மானிப்பது ஆகக்குறைந்த சம்பளத்தையே. அதற்கு மேல் வழங்க நிர்வாகத்துக்குத் தடையில்லை. கணக்குத் தாளும் ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் கணக்கும் இணைக்கப்பட்டுள்ளன. இதில் எந்த இலக்கத்தை நிர்வாகம் ஏற்கவில்லை என்பதைக் குறிப்பிட்டு 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரியில்தான் எனக்கு நம்பிக்கை. "கஷ்டத்தை உணர்கிறோம்" என்று இதற்குப் பதில் எழுத முடியாது. எந்த இலக்கம் பிழை என்று சொல்ல வேண்டும், அல்லது இலக்கம் சரி, ஆனால் தர முடியாது என்று சொல்ல வேண்டும்.

தர முடியாது என்றால் காரணம் கேட்போம். அந்தக் காரணத்தையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்தது உண்மை. உரம், எரிபொருள் விலை ஏறியதும் உண்மை. ஆனால் டொலர் ஏறியபோது கொழும்பு ஏலத்தில் தேயிலை விலையும் சேர்ந்து ஏறியது. 2021இல் கிலோ 600 ரூபாவைச் சற்றுத் தாண்டி நின்ற சராசரி, 2022இல் 1,200ஐத் தாண்டியது. ரூபா விழுந்ததில் தேயிலைக்கு விலை கூடியது, கொழுந்து எடுத்தவருக்குச் சம்பளம் கரைந்தது. தோட்டத்தின் கணக்கைக் காட்டிப் பேசினால் நாங்களும் உட்கார்ந்து பேசத் தயார்.

2025 வரவு செலவுத் திட்ட உரையில் 1,700 ரூபா என்று பேசப்பட்டது. எங்கள் கணக்குக்கும் அதற்கும் 40 ரூபாதான் வித்தியாசம். ஆனால் 1,700 என்ற சொல் 2024இலும் வர்த்தமானியில் வந்துவிட்டு நீதிமன்றம் வரை போய்ப் பின்வாங்கப்பட்டது நமக்கு நினைவிருக்கிறது. அதனால் காத்திருக்காமல் கடிதத்தைக் கொடுத்தோம்.

கொடுக்கும் விதமும் முக்கியம். போன முறை பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்தோம். எப்போது கொடுத்தோம் என்பதற்கே சாட்சி இல்லை. இந்த முறை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைத் தோட்ட ஆபீசில் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை வாங்கினோம். கிளாக்கர் ஐயா கொஞ்சம் தயங்கினார், பிறகு குத்தித் தந்தார். ஒரு பிரதி தொழில் அலுவலகத்துக்கும், அதன் போட்டோப் பிரதி சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் போனது. 21 நாள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

அம்மா இந்த மாதத்துக் கணக்கையும் எழுதிவிட்டார். தேங்காய் இன்னும் பன்னிரண்டுதான்.